சீட்டுப் புத்தகமும் கீரைக்கட்டுக் கணக்கும்

சடையங்குப்பத்தில் நகைச்சீட்டு கட்டாத வீடு குறைவு. பக்கத்தில் பர்மா நகர் ஆனாலும் சரி, மணலி பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடானாலும் சரி, பீரோவுக்குள் ஒரு சீட்டுப் புத்தகம் இருக்கும். புழல் ஏரி உபரி நீர் திறந்தால் எங்கள் தெருவுக்குத் தண்ணி வரும். அப்போது முதலில் மேலே தூக்கி வைக்கிறது ரேஷன் கார்டும் இந்தப் புத்தகமும்தான். அவ்வளவு பத்திரமாக வைக்கிறோம். ஆனால் வருஷம் முடிஞ்சதும் "ஒரு கிராம் உங்களுக்கு என்ன விலைக்கு விழுந்தது?"ன்னு கேட்டால் பத்து பேரில் ஒன்பது பேர் தப்பாகத்தான் சொல்லுவாங்க. நானும் ரொம்ப வருஷம் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எப்படித் தப்புன்னு என் தொழிலை வைத்தே சொல்றேன். நான் கீரை போடுறவன். ஒரு நாள் கட்டு பத்து ரூபாய். மழை பெய்த மறுநாள் அதே கட்டு இருபது ரூபாய். நீங்கள் இரண்டு நாளும் நூறு நூறு ரூபாய்க்கு வாங்குறீங்க. சராசரி என்ன? பத்தும் இருபதும் முப்பது, பாதி பதினைந்துன்னு வாய் தானாகச் சொல்லும். ஆனால் முதல் நாள் பத்துக் கட்டு, மறுநாள் ஐந்து கட்டு. மொத்தம் பதினைந்து கட்டு, கொடுத்தது 200 ரூபாய். வகுத்தால் ஒரு கட்டு 13 ரூபாய் 33 பைசா. விலை குறைந்த நாளில் அதே காசுக்கு நிறையக் கட்டு வந்ததால் சராசரி கீழ்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

சீட்டும் இதேதான். ரேட்டை எல்லாம் கூட்டி மாதத்தால் வகுக்கக் கூடாது. கட்டிய மொத்த ரூபாயை, சேர்ந்த மொத்த கிராமால் வகுக்கணும். இது ஒன்றைத்தான் நான் இங்கே ஓங்கிச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

2024-இல் எங்க வீட்டு அம்மா மாதம் 3,000 ரூபாய் சீட்டு கட்டினாங்க. கடைப் பெயர் வேண்டாம். பணம் கட்டுற அன்றைய ரேட்டுக்கு எடையாக வரவு வைக்கிற சீட்டு, பதினோரு மாதம். 22 காரட் ரேட்டை உங்களுக்குப் படிக்க எளிதாக இருக்கட்டும்னு கிட்டத்தட்ட முழு நூறாக எழுதறேன்.

ஜனவரி: 5,800 ரூபாய், வரவு 0.517 கிராம்
பிப்ரவரி: 5,800, 0.517
மார்ச்: 6,100, 0.492
ஏப்ரல்: 6,700, 0.448
மே: 6,700, 0.448
ஜூன்: 6,600, 0.455
ஜூலை: 6,800, 0.441
ஆகஸ்ட்: 6,400, 0.469
செப்டம்பர்: 6,700, 0.448
அக்டோபர்: 7,000, 0.429
நவம்பர்: 7,300, 0.411

கட்டியது 33,000 ரூபாய். சேர்ந்தது 5.075 கிராம். வகுத்தால் ஒரு கிராம் 6,502 ரூபாய். ரேட்டை மட்டும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் 6,536 வரும். கிராமுக்கு 34 ரூபாய்தானே வித்தியாசம், இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. மாதா மாதம் ஒரே தொகை கட்டுகிறவர்களுக்கு இந்தத் தப்பு சின்னதுதான்.

ஆனால் எங்களை மாதிரி ஆட்களுக்கு வருமானம் மாதச் சம்பளம் இல்லை. இருக்கும்போது ஐந்தாயிரம், இல்லாதபோது ஆயிரம் என்று கட்டுற சீட்டும் இருக்கு. அதில்தான் இந்தக் கணக்கு கவிழ்த்துவிடும். அதே ஆண்டில் ஒருத்தர் ஜனவரியில் 1,000 ரூபாய், நவம்பரில் 5,000 ரூபாய் கட்டினார்னு வையுங்கள். இரண்டு ரேட்டின் நடு 6,550. ஆனால் அவருக்குச் சேர்ந்தது ஜனவரிக்கு 0.172, நவம்பருக்கு 0.685, ஆக 0.857 கிராம். ஆறாயிரத்தை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 7,000. காசு அதிகம் போன மாதத்தின் ரேட்தான் சராசரியை இழுக்கும். கிராமுக்கு 450 ரூபாய் குறைத்து நினைத்துக்கொண்டு இருப்பார் மனுஷன்.

இன்னொரு விஷயம் அந்த வருஷமே கண்ணால் பார்த்தோம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். ரேட் சட்டென்று இறங்கியது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கீரை போடப் போனபோது எல்லாருக்கும் இதே பேச்சு. எங்க வீட்டு அம்மாவும் "இந்த மாசம் நம்ம சராசரி குறைஞ்சிடும்ல?"ன்னு கேட்டாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். பிறகு நோட்டில் போட்டுப் பார்த்தால் ஜூலை வரை 21,000 ரூபாய்க்கு 3.318 கிராம், அதாவது கிராம் 6,329. ஆகஸ்ட் கட்டிய பிறகு 24,000 ரூபாய்க்கு 3.787 கிராம், அதாவது 6,337. குறையவில்லை, எட்டு ரூபாய் ஏறியிருக்கு! ஏனென்றால் ஆகஸ்ட் ரேட் ஜூலை ரேட்டைவிடக் குறைவு, ஆனால் அதுவரை நாங்கள் வாங்கிய சராசரியைவிட அதிகம். புது ரேட்டைப் போன மாத ரேட்டோடு ஒப்பிடாதீங்க. உங்கள் சராசரியோடு ஒப்பிடுங்க. அதற்குக் கீழே போனால்தான் சராசரி இறங்கும்.

பக்கத்து வீட்டு அக்கா கட்டினது வேற மாதிரி. அதுவும் மாதம் 3,000, பதினோரு மாதம். ஆனால் அங்கே எடை வரவு கிடையாது, ரூபாயாகச் சேரும். கடைசியில் ஒரு மாதத் தவணையைக் கடைக்காரர் போனஸாகப் போட்டு, எடுக்கிற அன்றைய ரேட்டுக்கு நகை தருவார். டிசம்பரில் இரண்டு வீடும் நகை எடுக்கப் போனபோது ரேட் 7,200. அக்காவுக்கு 36,000 ரூபாய்க்குச் சரியாக 5 கிராம். போனஸ் வாங்கியும் எங்களைவிடக் கொஞ்சம் குறைவு. "எனக்கு ஒரு மாசம் இலவசம்"னு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா அன்றைக்குப் பேசவே இல்லை. அவங்க பேரில் தப்பில்லை. ரேட் ஏறின வருஷத்தில் எடைச் சீட்டு ஜெயிக்கும், கடைசியில் ரேட் விழுந்திருந்தால் அக்காதான் ஜெயித்திருப்பாங்க. சேரும்போதே இது எடையா, ரூபாயான்னு கேட்காமல் கையெழுத்துப் போடுறதுதான் தப்பு. ரூபாய்ச் சீட்டில் மாதச் சராசரி என்று ஒன்றே கிடையாது. எடுக்கிற நாளின் ரேட் ஒன்றுதான்.

இனி நகையாக வீட்டுக்கு வந்த விலை. 6,502 என்று நோட்டில் எழுதினேனே, அந்த விலைக்கு நகை வரவில்லை. மகளுக்கு எடுத்த செயின் 6 கிராம். சீட்டில் இருந்த 5.075 போக 0.925 கிராமுக்கு அன்றைய ரேட்டில் 6,660 ரூபாய். சீட்டு எடைக்குச் சேதாரம் இல்லை, கூடுதல் எடைக்கு 14 சதவீதம், அது 932 ரூபாய். முழு நகையின் அன்றைய மதிப்புக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், 1,324 ரூபாய். ஆகக் கையிலிருந்து கொடுத்தது 8,916. சீட்டுப் பணத்தோடு சேர்த்தால் 41,916. ஆறால் வகுத்தால் கிராம் 6,986 ரூபாய். இதுதான் உண்மையான விலை.

இது லாபமா? அதே செயினைச் சீட்டில்லாமல் அன்றைக்கே வாங்கியிருந்தால் சேதாரம், வரி எல்லாம் சேர்த்து 50,725 ஆகியிருக்கும். ஆக 8,809 ரூபாய் மிச்சம். இது எங்கிருந்து வந்ததுன்னு பிரித்துப் பார்த்தேன். ரேட் ஏறியதால் வந்தது 3,540. சேதாரம் தள்ளியதால் வந்தது 5,116. மீதி கொஞ்சம் அந்தச் சேதாரத்துக்கான வரி. தங்கம் ஏறினதால்தான் சீட்டில் லாபம்னு ஊரில் நினைக்கிறாங்க. அவ்வளவு ஏறின வருஷத்திலேயே பெரும்பங்கு சேதாரத்திலிருந்துதான் வந்திருக்கு.

அதனால் என் அபிப்பிராயம் இது. நகை வேணும்னு முடிவாக இருக்கிற வீட்டுக்கு எடைச் சீட்டு நல்லது. நகை வேண்டாம், முதலீடு மாதிரின்னு கட்டுறவங்களுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் லாபத்தில் பாதிக்கு மேல் நகையாக எடுத்தால்தான் கைக்கு வருது. எடுக்கிற அன்றைக்கும் கண் வேணும். சேதாரத் தள்ளுபடிக்கு ஒரு வரம்பு எழுதியிருப்பாங்க. அதைத் தாண்டின டிசைனை முன்னால் எடுத்துக் காட்டினால் மிச்சம் அங்கேயே கரைஞ்சிடும்.

பதினோரு மாதம் என்பதும் சும்மா இல்லை. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடித்தால் அது டெபாசிட் ஆகாது என்று 2014-இல் வந்த கம்பெனி டெபாசிட் விதிகள் சொல்லுது. அதனால்தான் வருஷத்துக்குள் முடிக்கிறாங்க. டெபாசிட் இல்லை என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பேங்கில் போட்ட பணத்துக்கு இருக்கிற இன்சூரன்ஸ் இதற்குக் கிடையாது. கடை மூடினால் நாமும் கடன்காரர்களோடு ஒருத்தராக வரிசையில் நிற்கணும். ஆகவே பெரிய தொகையை ஒரே கடையில் வைக்காதீங்க.

நான் இப்போ ஒரு நாற்பது பக்க நோட்டில் நாலே கட்டம் போட்டு வைத்திருக்கேன். தேதி, கட்டிய ரூபாய், இதுவரை மொத்த ரூபாய், இதுவரை மொத்த கிராம். கடைசி இரண்டையும் வகுத்தால் அன்றைய சராசரி. வரவு வைத்த எடையை அங்கேயே சரிபார்த்துவிடுவேன். 3,000-ஐ 6,700-ஆல் வகுத்தால் 0.4477 வரும். அதை 0.448 என்று எழுதுறாங்களா, 0.447 என்று வெட்டுறாங்களா? எல்லா மாதமும் வெட்டினால் மேலே சொன்ன கணக்கில் வருஷத்துக்கு 8 மில்லி கிராம் போகும், அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. எனக்கு அது மூன்று, நாலு கட்டுக் கீரை விலை. கேட்கத்தான் செய்வேன்.

பக்கத்து வீட்டு அக்கா இந்த வருஷம் எடைச் சீட்டுக்கு மாறியிருக்காங்க. போன வாரம் நோட்டு ஒன்று வாங்கி வந்து, "தம்பி, அந்த நாலு கட்டத்தை எனக்கும் போட்டுக் குடு"ன்னாங்க. போட்டுக் கொடுத்தேன்.