லீவு போடும் முன் ஒரு தாள்

நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் பால்காரருக்கு என்ன சொல்லணும், துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றணும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஆனால், 42 பிள்ளைகள் உள்ள வகுப்பை விட்டு லீவு போடும் ஆசிரியைகள், பதிலுக்கு வருபவருக்கு ஒரு வரியாவது எழுதி வைக்கிறோமா? நானும் ரொம்ப நாள் வைத்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. என் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அடிக்கடி பாத்ரூம் போகவேண்டிய உடல் உபாதை. கேட்டால் உடனே அனுப்பிவிடுவேன். பதிலுக்கு வந்தவருக்கு அது தெரியாது. "இப்பத்தானே மணி அடிச்சாங்க, உட்கார்" என்று சொல்லிவிட்டார். வகுப்பிலேயே பாவாடை நனைந்துவிட்டது. அந்தக் குழந்தை அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை. வந்தவர் மேல் தப்பே இல்லை. சொல்லாமல் போனது நான்தான்.

அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். திடீரென்று லீவு போட்டாலும் பதிவேடு வகுப்புக்குப் போய்த்தானே ஆகவேண்டும்!

தாளின் ஒரு பக்கம் பிள்ளைகள் உட்காரும் படம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு பெஞ்ச், பெஞ்சுக்கு மூன்று பேர். முதல் தடவை பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்து வரைந்துவிட்டேன். கரும்பலகை அருகே நின்றவருக்கு இடது வலதாகி, எல்லாரையும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வகுப்பே சிரிப்பாய்ச் சிரித்ததாம்! இப்போது கரும்பலகைப் பக்கம் நின்று பார்த்து, பென்சிலால்தான் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை இடம் மாற்றும்போது அழித்து எழுதி, தேதியும் போட்டுவிடுவேன். அந்தச் சிறுமியின் பெயருக்குப் பக்கத்தில், "கேட்டால் உடனே அனுப்பவும்" என்று மட்டும் இருக்கும். காரணம் எழுதமாட்டேன். தாள் எத்தனை கை மாறுமோ! முன் பெஞ்ச் பையனுக்கு, "பலகை சரியாகத் தெரியாது, இடம் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து வழக்கங்கள். பேர் கூப்பிட வேண்டாம், காலி இடத்தைப் பார்த்தால் போதும். யார் வரவில்லை என்று பெஞ்சில் முதலில் இருப்பவர் சொல்வார். தண்ணீர் குடிக்க ஒரு நேரத்தில் ஒருவர். பேசினவர் பெயரைப் பலகையில் எழுதும் பழக்கம் எங்கள் வகுப்பில் கிடையாது. அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் யார் படிப்பார்கள்?

மறுபக்கம் பிள்ளைகளுக்கான வேலை. "நாலாம் பாடம் நடத்தவும்" என்று எழுதுவதில் பிரயோஜனமே இல்லை. வருபவர் தமிழ் ஐயாவாக இருக்கலாம். அவர் விளக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம் என்கிற மாதிரி வேலை வேண்டும்.

நான் வைப்பது மாயச் சதுரம். பழைய நோட்டுத் தாளை ஒன்பது துண்டாகக் கிழித்து, 1 முதல் 9 வரை துண்டுக்கு ஒரு எண் எழுதணும். நோட்டில் ஒன்பது கட்டம் போட்டு, குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வரும்படி துண்டுகளை வைக்கணும். நேராக நோட்டில் எழுதச் சொன்னால் அழித்தழித்துத் தாளே ஓட்டையாகும், பிள்ளைகளும் சலித்துவிடுவார்கள். துண்டு என்றால் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். சரியா தப்பா என்று யாரையும் கேட்க வேண்டாம், கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சூட்டிகையான பிள்ளை பத்து நிமிஷத்தில் முடிக்கும், பக்கத்தில் இருப்பது பார்த்துப் போடும். போடட்டும். இரண்டாவது வேலை 2 முதல் 10 வரை, கூட்டுத்தொகை 18. எல்லா எண்ணிலும் ஒன்று கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் உடனே போட்டுவிடுவார். காப்பி அடித்தவர் முதலிலிருந்து நகர்த்துவார். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் எனக்கே புரிந்துவிடும்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா டீச்சர்?" என்று ஓய்வறையில் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஒருமுறை எழுத அரைமணி ஆகிறது. நாற்பது நிமிஷம் கத்திவிட்டுத் தொண்டை கட்டி வருவதைவிட இது கஷ்டமா, சொல்லுங்கள்?

போன மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், இரண்டு நாள் லீவு. திரும்பி வந்தபோது தாளின் அடியில் தமிழ் ஐயா எழுதியிருந்தார்: "பிள்ளைகள் போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் வரவில்லை. விடையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

இப்போது தாளின் ஓரத்தில் விடையையும் எழுதிவிட்டேன். மேல் வரிசை 8, 1, 6. நடுவில் 3, 5, 7. கீழே 4, 9, 2.

- ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்