பதினைந்து நாளில் ஒரு நாள் குறைந்தால்

பழனி மலைத்தொடரில் மலைப்பூண்டு பயிரிடும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பூம்பாறையில் பேரவைக் கூட்டம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் 22.9.2026, செவ்வாய், காலை 11 மணிக்கு. ஞாயிறு கொடைக்கானலில் சந்தை நாள் என்பதால் அன்று வேண்டாம் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. சங்கத்தின் துணைவிதி 15 முழு நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. செயலாளர் 7ஆம் தேதி அறிவிப்பை அனுப்புகிறார்.

22இல் 7 போனால் 15. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் முழு நாள் என்றால் அனுப்பிய நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது. 8 முதல் 21 வரை எண்ணினால் 14தான். 6ஆம் தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அன்று ஞாயிறு, ஆகவே 5ஆம் தேதி சனிக்கிழமையே கடைசி நாள். வாக்கெடுப்பில் தோற்றுப்போன தரப்புக்கு இந்த ஒரு நாள் போதும், தீர்மானத்தையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

இந்த அறிவிப்புச் சுற்றறிக்கையின் தலைப்பகுதி எல்லோரும் அறிந்ததே: சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, ந.க.எண், நாள், பெறுநர், பொருள். அடுத்து வரும் ‘பார்வை’யைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தைக் கூட்ட முடிவெடுத்த நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் எண்ணும் நாளும் அங்கே வரவேண்டும். அறிவிப்புக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் வரி அது ஒன்றுதான்.

பொருள் நிரலில் ‘கிடங்கு குறித்து’ என்று மட்டும் எழுதினால், செலவுக்கு ஒப்புதல் கேட்கிறார்களா, இடம் பார்க்கிறார்களா என்று உறுப்பினருக்குப் புரியாது. ‘பூம்பாறையில் பூண்டு உலர்கிடங்கு கட்ட ரூ.4 லட்சம் வரை செலவிட ஒப்புதல் அளித்தல்’ என்று எழுதினால், வேலையை விட்டு வருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். துணைவிதித் திருத்தம் என்றால் இப்போதுள்ள வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே இணைப்பது நல்லது. ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்ற கடைசி வரி நன்றி சொல்லவும் பாராட்டவும் போதும். நாலு லட்சத்தை அதற்குள் நுழைக்கப் பார்ப்பது வம்பு.

கையெழுத்து இரண்டு இடத்தில் வரும், இரண்டும் வேறு வேறு. சுற்றறிக்கையின் அடியில் வலப்பக்கம், துணைவிதி அதிகாரம் தந்தவர் பதவிப் பெயருடன் ஒப்பமிட வேண்டும். உறுப்பினரின் ஒப்பத்துக்குத் தனி ஒப்புகைப் பதிவேடு: உறுப்பினர் எண், பெயர், பெற்ற நாள், கையொப்பம் அல்லது கைரேகை. கூட்டத்தன்று தீர்மானப் புத்தகத்தில் இடும் வருகைக் கையெழுத்து இதற்கு ஈடாகாது. அது வந்ததைத்தான் காட்டும், எப்போது அறிவிப்பு கிடைத்தது என்பதைக் காட்டாது.

ஒப்புகைப் பதிவேட்டைத் தணிக்கையாளர் எடுத்ததும் ‘பெற்ற நாள்’ கட்டத்தைத்தான் பார்ப்பார். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்காலிலும் இருக்கும் உறுப்பினர் அத்தனை பேரும் ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையால் தேதி போட்டிருந்தால் அது மேசையில் உட்கார்ந்து நிரப்பியது. கொண்டுபோய்க் கொடுத்தவர் ஊர் ஊராகப் போயிருந்தால் தேதிகளும் முன்பின்னாகத்தான் இருக்கும்.