பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம், பெயிண்ட் அடிக்காதீர்கள்!

நாஞ்சில் நாட்டில் மார்கழி பிறந்தால் பெயிண்டர்களுக்கு ஓய்வு கிடையாது. கிறிஸ்துமஸ் வருகிறது. அதன் பின்னாலேயே பொங்கல் வருகிறது. வீட்டுக்கு வீடு ஏணியும் வாளியுமாக இருக்கும்.

பங்குனியில் அதே வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக அடித்த சுவர் பல வீடுகளில் கொப்பளித்து நிற்கும். விரலால் தொட்டால் பெயிண்ட் அப்பளம் போல உடைந்து விழும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி. பெயிண்டரைத் திட்டுவார்கள். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

குற்றம் பெரும்பாலும் இரண்டு பேர் மீதும் இல்லை. சுவர் நனைந்து கிடக்கும்போது அதன் வாயை மூடியதுதான் குற்றம். பண்டிகைக்கு முன் பெயிண்ட் அடிக்கும் பழக்கத்தை நம் ஜில்லா கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

"எங்கள் தாத்தா காலத்திலும் பொங்கலுக்குத்தானே வெள்ளையடித்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியே மெல்ல வெளியேறி விடும். இன்று நாம் அடிக்கும் பெயிண்ட் பிளாஸ்டிக் தாள் மாதிரி. ஈரம் அதைத் தாண்டி எளிதில் வர முடியாது. பழக்கம் பழையது, பொருள் புதியது. இரண்டும் ஒத்துப் போகவில்லை.

கொப்புளம் எப்படி வருகிறது?

சுவருக்குள் இருக்கும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. காற்றுப் படும் பக்கம் நோக்கி நகரும். நகரும்போது செங்கல்லிலும் மணலிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டு வரும். சுவரின் மேல் பக்கத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகி விடும். உப்பு தங்கி விடும். பெயிண்டுக்கு அடியில் உப்பு கட்டி கட்டியாக வளரும். அந்த வளர்ச்சிக்கு எந்தப் பெயிண்டும் தாங்காது. தூக்கி எறிந்து விடும்.

கொப்புளத்தை ஓர் ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் சுவர் இன்னும் நனைந்தே இருக்கிறது. வெள்ளைப் பொடி வந்தால் உப்பு. அந்தப் பொடியைத் தண்ணீரில் போட்டால் கரைந்து விடும். கரையாமல் கறுப்பாகவோ பச்சையாகவோ ஈஷினால் அது பூஞ்சணம்.

கொளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடல் மணலைக் கலந்து பூசிய சுவர்களில் உப்பு முதலிலேயே குடியேறி விட்டது. காற்றில் ஈரம் 100-க்கு 75 பங்கைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். மழையே இல்லாத நாளிலும் அந்தச் சுவர் வியர்ப்பது அதனால்தான். அங்கே பெயிண்டை மாற்றிப் பயன் இல்லை. பூச்சையே மாற்ற வேண்டும்.

எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

இதைக் கண்டுபிடிக்காமல் சுரண்டியைக் கையில் எடுக்கக் கூடாது.

கறை மேல் சுவரிலோ கூரை ஓரத்திலோ இருந்து, மழை பெய்த ஒன்றிரண்டு நாளில் கறுத்தால், தளத்திலோ சன்ஷேடு இணைப்பிலோ வெடிப்பு இருக்கிறது. மழையும் வெயிலும் பாராமல் ஒரே இடம் எப்போதும் நனைந்திருந்தால், பக்கத்தில் குளியலறைக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டுக்கும் வைத்தியம் எளிது. வெடிப்பை அடைக்க வேண்டும். குழாயை மாற்ற வேண்டும்.

கடினமானது மூன்றாவது. தரையிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, செங்கல் சுவர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். பெரும்பாலும் 3 அடி உயரத்துக்குள் நிற்கும். நிற்கும் இடத்தில் அலை போல ஓர் உப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் ஊரில் இது அதிகம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அதோடு பேச்சிப்பாறைத் தண்ணீர். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது வழக்கம். குளம் நிறைந்து, வயல் நனைந்து கிடக்கும்போது, பக்கத்து வீட்டின் அஸ்திவாரம் மட்டும் எப்படிக் காயும்? வாய்க்கால் ஓரத்துச் சுவருக்கு ஓய்வு மாசி கடைசியில்தான் தொடங்குகிறது. நாம் பெயிண்ட் அடிப்பதோ மார்கழியில்!

ஒரு வீட்டின் கதை

சுசீந்திரம் பக்கம் வயல் ஓரமாக ஒரு பழைய வீடு. முன் அறைச் சுவர் 9 அங்குலச் செங்கல். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பெயிண்ட். வருஷா வருஷம் கொப்புளம். கறை 2 அடி உயரத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, உள்பக்கம் ரெண்டு கோட்டு வாட்டர் புரூப் அடிச்சிட்டா போதும். பெறவு ஒரு சொட்டு வராது" என்றார் பெயிண்டர். அடித்தார்கள். அடுத்த ஆண்டு கறை மூன்றரை அடிக்கு ஏறி விட்டது!

ஆச்சரியம் இல்லை. கீழே வெளியேற வழி அடைபட்டதால் தண்ணீர் மேலே வழி தேடிக் கொண்டது. தரை ஓதத்துக்கு உள்பக்கம் மட்டும் அடிக்கும் தடுப்புப் பூச்சு, நோயை மேலே தள்ளி விடுகிற மருந்து.

பிறகு ஒரு வயதான கொத்தனார் வந்தார். அவர் உள்ளே நுழையவே இல்லை. முதலில் வெளியே போய்ப் பார்த்தார். தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டு, வீட்டுக்காரரும் முற்றத்தில் மண் நிரப்பி சிமெண்டு போட்டிருந்தார். வெளித்தரை, வீட்டின் உள்தரையை விட 4 அங்குலம் உயரம். ஓட்டுத் தண்ணீர் நேராகச் சுவர் அடியில் விழுந்தது. அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்புப் பூச்சு இருந்தாலும் இனி உபயோகம் இல்லை. மண் அதைத் தாண்டி நிற்கிறதே!

வெளிச்சுவர் ஓரமாக 2 அடி அகலத்துக்கு சிமெண்டை உடைத்து, உள்தரைக்கு 6 அங்குலம் கீழே போகும் வரை மண்ணை எடுத்தார்கள். தண்ணீர் தெருவுக்குப் போக ஒரு சிறு ஓடை வெட்டினார்கள். இறவாரத்தில் தகரப் பாத்தி மாட்டினார்கள். செலவில் பாதி இங்கேயே போயிற்று. பெயிண்டுக்கு ஒரு பைசா ஆகவில்லை.

பிறகுதான் உள்ளே வேலை. தை மாதம் நடுவில், உப்புக் கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை பூச்சை அடியோடு கொத்தி எடுத்தார்கள். செங்கல் தெரிந்தது. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி, பொடியை வெளியே கொண்டு போய்க் கொட்டினார்கள். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய் விடும். சிலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது சுவரில் புது உப்பை உண்டாக்கும். வேண்டவே வேண்டாம்.

வாரம் ஒரு முறை புது உப்பு பூக்கும். வாரம் ஒரு முறை கூட்ட வேண்டும். வீட்டு அம்மாளுக்குத்தான் எரிச்சல். "விருந்தாளி வந்தா முகத்தில முழிக்க முடியல" என்பார். ஆனால் சுவர் காய வேண்டுமே! அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் கொஞ்சம் சீக்கிரம் காயும்.

சித்திரை பிறந்ததும் ஒரு சோதனை செய்தார்கள். இதை எல்லோரும் செய்யலாம். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவு விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்தால் அது சமையல் ஆவி, துணி உலர்த்தும் ஈரம். ஜன்னலைத் திறந்தால் போகும். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். அவர்கள் வீட்டில் முதல் தடவை லேசாக வியர்த்தது. பத்து நாள் பொறுத்தார்கள். இரண்டாம் தடவை காய்ந்திருந்தது.

பூச்சுக்கு 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு உப்பில்லாத மணல். வெறும் சிமெண்டுப் பூச்சு கெட்டியாகி ஈரத்தை அடைத்து வைக்கும். அதனால் சுண்ணாம்பு சேர்த்தார்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு மூன்று வாரம் காய விட்டார்கள். புதுப் பூச்சைக் காய விடாமல் அடித்தாலும் பெயிண்ட் கொப்பளிக்கும்.

மே கடைசியில், பூசிய பகுதிக்கு சிப்பிச் சுண்ணாம்பு அடித்தார்கள். நீற்றி, துணியில் வடிகட்டி, பால் போல நீர்க்கக் கரைத்து, நாளுக்கு ஒரு கோட்டாக மூன்று கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கு முன்னும் சுவரில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சிலர் ஒட்டுவதற்காகச் சுண்ணாம்பில் உப்புப் போடுவார்கள்; ஓதச் சுவரில் அது விஷம். கோட்டுக்கு மேலே, ஓதம் எட்டாத இடத்தில் வழக்கமான பெயிண்டையே அடித்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் தரையை ஒட்டி அரை அடிக்கு ஈர நிறம் தெரிந்தது. கொப்புளம் இல்லை. வெள்ளை கொஞ்சம் மங்கியது. மறு வருஷம் ஒரு கோட்டு அடித்துச் சரி செய்தார்கள்.

இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு. ஓதத் தடுப்பே இல்லாமல் கட்டிய வீட்டில், குளத்து மட்டத்துக்குப் பக்கமாக அஸ்திவாரம் இருந்தால், மண்ணை வெட்டினாலும் ஓதம் முழுக்க நிற்காது. அப்போது தரையை ஒட்டிய சாந்து வரிசையில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, தண்ணீரை ஒட்ட விடாத மருந்தை ஏற்றுவார்கள். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஆழம் குறைந்தாலும், ஒரு துளை தப்பினாலும், அந்த இடத்தில் ஓதம் மறுபடி ஏறும். கூலி பேசும் முன்பு, அவர் இரண்டு மழைக்காலத்துக்கு முன் செய்து கொடுத்த ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கார்த்திகை மாதத்தில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.