'மிஷன் குடுதுந்தி'

திருப்பதி, சித்தூர்ப் பகுதித் தெலுங்கில் தையல்வேலை செய்யும் பெண்ணை 'மிஷன் குடுதுந்தி' என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவள் தைப்பது எந்திரத்தை. துணி தொடரிலேயே இல்லை. அத்துடன் கைத்தையலும் மறைந்துபோகிறது.

முனையில் காதுள்ள ஊசி இறக்கும் மேல்நூல், துணிக்குக் கீழே பாபின் நூலுடன் பின்னிக்கொள்கிறது. இச்சீரான தையலை நம்பியே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒருவர் காலரை மட்டும், இன்னொருவர் சட்டைக்கையை மட்டும் நாள்முழுதும் தைக்கிறார்.

ரவிக்கையின் ஹெம்மிங்கும் கொக்கியும் வேறு. வெளிப்புறம் தையல் தெரியலாகாது என்பதால் அவற்றுக்குப் பெரும்பாலும் இன்றும் கைதான். கடைக்காரர் அவற்றை வீட்டிலிருக்கும் பெண்களிடம் உருப்படிக் கூலிக்கு அனுப்புகிறார். சிலப்பதிகாரம் 'துன்னகாரர்' என்று தனிப் பெயரிட்டுக் காட்டிய தொழிலின் மிச்சம் இவர்களிடமே இருக்கிறது. ரசீதிலோ 'தையல் கூலி' என ஒரே வரி. ஹெம்மிங்குக்குத் தனி வரி எழுதப்பட வேண்டும்.