‘ஹாய்’ பணிவு இல்லை, வேலையை மற்றவர் தலையில் கட்டுவது

லிங்க்ட்இன் கணக்கு திறக்காமல் கம்பஸை விட்டு வெளியில் போகக்கூடாது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். தொழில் வழிகாட்டல் பட்டறைகளில் படம் எப்படிப் போடுவது, தலைப்பு வரியில் என்ன எழுதுவது என்று ஒரு மணித்தியாலம் காட்டுவார்கள். பிறகு, “கனக்சனைக் கூட்டுங்கோ, 500 தாண்டினால் ‘500+’ என்று காட்டும்” என்பார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் என்ன கதைக்கிறது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லித்தருவதில்லை. அதனால்தான் எங்கட பெடியள் பெட்டையள் அனுப்பும் குறிப்புகளில் பெரும்பாலும் ‘ஹாய்’ மட்டும் இருக்கிறது. மிஞ்சினால் ‘ஹாய் சேர்’.

இதைப் பணிவு என்று நியாயப்படுத்துகிறவர்களோடுதான் எங்களுக்குச் சண்டை. “பெரிய ஆக்களுக்கு நீட்டி எழுதினா தொந்தரவு, சும்மா ஒரு ஹாய் போட்டா அவையே விளங்கிக்கொள்ளுவினம்” என்கிறார்கள். எதை விளங்கிக்கொள்வது? ‘ஹாய்’ வந்தவர் அனுப்பியவரின் பக்கத்தைத் திறந்து, யார், எங்கே படிக்கிறார், தன்னை எப்படித் தெரியும், என்ன வேண்டும் என்று தானே ஊகிக்க வேண்டும். நாங்கள் செய்யவேண்டிய வேலையை அவருடைய தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பணிவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதைவிட நீளமாக இருந்தும் ஒன்றும் சொல்லாத குறிப்புகள் உண்டு. ‘உங்களை எனது தொழில்சார் வலையமைப்பில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்பது அவற்றில் பேர்போனது. அது அந்தத் தளமே ஒரு காலத்தில் பெட்டிக்குள் தானாகப் போட்டுவைத்த ஆங்கில வசனத்தின் தமிழ். கம்பனி எழுதிய வசனத்தை எங்கள் கையெழுத்தோடு அனுப்பினால், வாசிப்பவருக்கு அதில் எங்களைப் பற்றி என்ன கிடைக்கும்? ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்பதும் அதே வகைதான். என்ன வேலை, எந்த ஊரில், என்ன தெரிந்தவருக்கு என்று ஒன்றும் இல்லாததால், உதவ நினைக்கிறவராலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இடம் சின்னது என்பது உண்மைதான். காசு கட்டாத கணக்கு என்றால் ஒரு குறிப்புக்கு 200 கேரக்டர்கள், கட்டினால் 300. காசு கட்டாதவர்கள் குறிப்போடு அனுப்பக்கூடிய அழைப்புகளும் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு நெருக்கடி இருக்கிறது. ‘தமிழ்’ என்பதில் எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். இந்தக் கணக்கில் ‘மதிப்புக்குரிய ஐயா/அம்மணி அவர்களுக்கு’ என்பது மட்டும் 37 கேரக்டர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, இன்னும் விசயத்துக்கு வரவில்லை. அதோடு, ‘ஐயா/அம்மணி’ என்று சாய்கோடு போட்டாலே, எழுதுகிறவர் யாருக்கு எழுதுகிறோம் என்று பார்க்கவேயில்லை என்பது அம்பலமாகிவிடும்.

ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். சமூகவியல் இறுதி வருட மாணவி ஒருத்தி, வன்னிக் கிராமமொன்றில் நுண்கடன் எடுத்த பெண்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறாள். அதே விடயத்தில் களவேலை செய்த ஆய்வாளர் ஒருவர் மே மாதம் தன்னுடைய அனுபவத்தைத் தமிழில் பதிவிட்டிருக்கிறார். அவரோடு இணைய வேண்டும். முதல் வரைவில் அவள் எழுதுவது இப்படி இருக்கலாம்: ‘வணக்கம். நான் பல்கலைக்கழக மாணவி. உங்கள் பணி மிகவும் சிறப்பு. உங்கள் வழிகாட்டல் தேவை.’ மரியாதையான குறிப்புத்தான். ஆனால் இதை அப்படியே ஒரு வைத்தியருக்கும் அனுப்பலாம், வங்கி முகாமையாளருக்கும் அனுப்பலாம். ஒரு குறிப்பு வெறுமையானதா என்று அறிய எங்களிடம் இருக்கும் சோதனை இதுதான்: பெறுகிறவரை மாற்றினாலும் ஒரு சொல்லும் மாறத் தேவையில்லை என்றால், அதுவும் ‘ஹாய்’தான்.

இப்போது இதைப் பாருங்கள்:

‘வணக்கம். நுண்கடன் பற்றிய உங்கள் மே மாதப் பதிவை வாசித்தேன். நான் சமூகவியல் இறுதி வருட மாணவி; ஆய்வும் அதைப் பற்றித்தான். பெண்களைத் தனியாகச் சந்தித்தீர்களா, குழுவாகவா?’

இடைவெளிகளோடு சேர்த்து 164 கேரக்டர்கள்தான், இன்னும் 36 மிச்சம். முதல் வரி, எங்கே இருந்து வருகிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது வரி, யார், ஏன் என்று சொல்கிறது. ஆனால் குறிப்பைத் தூக்கி நிறுத்துவது கடைசிக் கேள்வி. நுண்கடன் பெரும்பாலும் குழுவாகத்தான் கொடுக்கப்படுகிறது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. அந்தக் குழுவையே சுற்றி இருத்திக்கொண்டு “உங்களுக்கு எவ்வளவு நிலுவை?” என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? இந்தச் சிக்கல் தெரிந்தவளால்தான் இப்படிக் கேட்க முடியும். ‘உங்கள் பணி சிறப்பு’ என்ற புகழ்ச்சி செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்கிறது: இந்தப் பிள்ளை உண்மையிலேயே வாசித்திருக்கிறாள் என்று காட்டுகிறது. பதில் சொல்கிறவருக்கும் ஒரு வரி காணும். ‘வழிகாட்டல் தேவை’ என்றால் அவர் ஒரு பின்னேரத்தையே ஒதுக்க வேண்டும்.

பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, கேள்வி சரியாக இருந்தால் காணும். அழகான ஆங்கிலத்தில் கடன்வாங்கிய வசனத்தை விட அது மேல்.

அனுப்பும்போதும் கவனம் வேண்டும். ஒருவருடைய பக்கத்துக்குப் போய் Connect அழுத்தினால் Add a note, Send without a note என்று இரண்டு தெரிவு வரும். பரிந்துரைப் பட்டியலில் இருந்தபடியே அழுத்தினால் பல நேரம் ஒன்றும் கேட்காமல் அழைப்பு போய்விடும். போனபிறகு குறிப்பைச் சேர்க்க வழியில்லை. Withdraw செய்து திருப்பி எடுக்கலாம். ஆனால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று கிழமை வரை காத்திருக்க வேண்டிவரும்.

“எல்லாருக்கும் இப்படி எழுத நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் எழுதச் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் இருக்கிறவருக்கும் நேற்றுக் கருத்தரங்கில் கதைத்தவருக்கும் குறிப்பே தேவையில்லை. ஏற்கனவே தெரியாத, ஆனால் உண்மையாகவே ஏதோ கேட்க இருக்கிற ஆளுக்குத்தான் இது. அப்படிப்பட்டவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். நல்ல குறிப்புக்கும் பதில் வராமல் போகலாம். அவர் அந்தத் தளத்தைத் திறந்தே மாதக்கணக்காக இருக்கலாம். பதில் வராததற்காக அடுத்தடுத்த நாள் ‘ஹலோ?’ என்று தட்டுவது, கட்டியதை நாங்களே உடைப்பது.

இதை ஏன் கலைப்பீடத்துக்காரர் நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? அப்பாவின் கூட்டாளி கொழும்பில் முகாமையாளராக இருக்கிற பிள்ளைக்குக் குறிப்பு தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு காணும். பொறியியல் பீடத்துப் பிள்ளைக்கு எந்தக் கம்பனியிலும் ஒரு சீனியர் இருப்பார். எங்களில் பலருக்கு அந்த இரண்டும் இல்லை, அந்த 200 கேரக்டர்தான் இருக்கிறது. மூன்று வருடமாக வாசிக்கவும் கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளைகளை, 500 பேரைச் சேர்க்கச் சொல்லி ‘ஹாய்’ போட அனுப்புகிற பட்டறைகள், எங்களிடம் இருக்கிற ஒரே முதலையும் பெட்டிக்குள் பூட்டி வைக்கச் சொல்கின்றன. அடுத்த பட்டறையில் எங்களுக்கு 500 வேண்டாம். ஒரு ஆளைத் தெரிவுசெய்து, அவர் எழுதியதை வாசித்து, ஒரு கேள்வி எழுதுவதற்கு அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாருங்கள்.