கைக்கு வராத பாட்டு கும்மிக்கு ஆகாது

திருவிழாக் காலம் நெருங்கினால் நமது தோட்டங்களுக்குப் பாட்டுத் தாள்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் அடிக்கும் கும்மிக்குச் "சமூகக் கருத்துள்ள" பாட்டு வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். சம்பளம், காணி, வீடு, கல்வி எல்லாம் அதில் இருக்கும். எதுகை மோனையும் இருக்கும். ஆனால் பெண்கள் வட்டம் கட்டி நின்று முதல் அடியை எடுத்ததும் கை நின்றுவிடும். "இதுகளுக்குப் பாடத் தெரியவில்லை" என்று எழுதியவர் சொல்வார். இல்லை, அவருக்குத்தான் எழுதத் தெரியவில்லை என்று நாங்கள் சொல்கிறோம். தமிழ் தெரியாது என்று சொல்லவில்லை. கும்மியின் கணக்கு அவருக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு கையில் இருக்கிறது. ஓர் அடிக்கு எட்டுக் கொட்டு. ஒவ்வொரு கொட்டுக்கும் மூன்று எழுத்து. எட்டாவது கொட்டில் மட்டும் ஒரே எழுத்து விழும். மீதி இரண்டு எழுத்தின் இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் பெண்கள் குனிந்து நிமிர்கிறார்கள், திரும்புகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள். அந்த இடத்தையும் சொல்லால் அடைத்துவிட்டால் நாலாவது அடியில் மூச்சு முட்டும். எழுத்தை எண்ணும்போது புள்ளி வைத்த எழுத்தை எண்ண வேண்டாம். "தட்டில" என்பதில் த, டி, ல ஆகிய மூன்றுதான் எண்ணிக்கை. நெடில் இருந்தால் அதை நீட்டி இரண்டெழுத்து இடத்தையும் நிரப்பலாம். "போட்ட" என்பது இரண்டே எழுத்து என்றாலும் போ நீளுவதால் ஒரு கொட்டைத் தாங்கும்.

எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. கை எந்த எழுத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். கொட்டு விழும் எழுத்துத்தான் காதில் ஓங்கிக் கேட்கும். "கூடை" போன்ற சொல்லில் அது முதல் எழுத்தில் விழும். "கொழுந்து", "நிறைய" போலக் குறிலில் தொடங்கி இரண்டெழுத்து சேர்ந்தே ஒலிக்கும் சொல்லில், முதல் குறில் முந்தின கொட்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கை இரண்டாவது எழுத்தில் விழும். கும்மிக்கு அந்த ஊசலாட்டத்தைக் கொடுப்பது இதுதான். யாப்பிலக்கணக்காரர்கள் இதையே மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று வெண்டளையாகச் சொல்லிவைத்தார்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதே பிள்ளைகளின் பாட்டிமார் சூத்திரம் எதுவும் தெரியாமலே ஒரு தளை தட்டாமல் கும்மி கட்டுகிறார்கள்.

இந்த வருஷம் ஒரு தோட்டத்துக்கு வந்த தாளில் இப்படி ஓர் அடி இருந்தது: "தோட்டத் தொழிலாளர் உரிமைகள் வென்றெடுப்போம்." மேடையில் முழங்க நல்ல அடிதான். கையைத் தட்டிப் பாருங்கள். தோட்டத்தொ, ழிலாளர் என்று இரண்டு கொட்டு அழகாகப் போகும். மூன்றாவது கொட்டு "உ" என்ற ஒற்றைக் குறிலில் விழும். நாலாவது கொட்டு "கள்" என்பதில் விழும். உரிமை போய்விட்டது, கள்தான் கேட்கிறது! ஐந்தாவது கொட்டில் "டுப்போம்" என்று ஏதோ வரும். அதோடு அடி முடிந்துவிடும், எட்டுக் கொட்டில் மூன்று அனாதையாக நிற்கும். வட்டத்தில் என்ன நடந்தது? தலைப்பாட்டுக்காரி குரலை இழுத்துச் சமாளித்தார். பின்பாட்டுக்காரர்களின் குரல் நிற்பதற்கு முன்பே கை நின்றுவிட்டது. கும்மியில் கோளாறு இருந்தால் கண்டுபிடிக்க இதுதான் வழி. வாயைக் கவனிக்காதீர்கள், கையைக் கவனியுங்கள்.

"தப்புக்காரர் சமாளித்துக்கொள்வார்" என்று சிலர் வாதிக்கிறார்கள். தப்பு ஒருவர் கையில் இருக்கிறது. கும்மி முப்பது பேர் கையில் இருக்கிறது. ஒரு பாடகர் தவறிய அடியைத் தப்பு மூடி மறைக்கலாம். முப்பது ஜோடிக் கைகளுக்கும் எங்கே விழுவது என்று அதனால் சொல்லிக்கொடுக்க முடியாது. அதுவுமல்லாமல் கும்மி போகப்போக வேகம் பிடிக்கும். மெதுவாகப் போகும்போது ஒரு கொட்டுக்குள் நாலெழுத்தை நெருக்கி அடைத்துவிடலாம். காலம் கூடும்போது அந்த நாலாவது எழுத்து வாயில் சிக்கும். ஆகவே எழுதி முடித்ததும் இரண்டு மடங்கு வேகத்தில் கொட்டிப் பாருங்கள். அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

பின்பாட்டுப் பாடுகிறவர்கள் கையில் தாள் இருக்காது என்பதையும் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கையும் கொட்டும்போது தாளை எதில் பிடிப்பது? தலைப்பாட்டுக்காரி ஒரு தடவை பாடுவதைக் கேட்டே திருப்பிப் பாட வேண்டும். ஒரு தடவையில் பிடிபடாத சொல் அந்த வட்டத்துக்குச் சொல்லே அல்ல.

கருத்தை விட்டுவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கருத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறோம். சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. பாட்டுக்கு வசதியான தொகை. "ஆயிரம்" என்பது ஒரு கொட்டுக்குச் சரியாக மூன்றெழுத்து. (சம்பளத்துக்கு வசதியாக இருந்ததா என்பது வேறு கதை.) 2024 மே தினத்தில் 1700 என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1350. அந்தத் தாளில் இதை "ஆயிரத்து முன்னூற்றைம்பது" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கொட்டு "து" என்ற வாலில் விழுகிறது. தொகையே கேட்கவில்லை. நாங்கள் நாலு பெண்களோடு லயத்து வாசலில் உட்கார்ந்து இதைக் கொட்டிப் பார்த்தோம். அவர்கள் தாளைப் பார்க்கவே இல்லை. கடையில் சில்லறை எண்ணும்போது எப்படிச் சொல்வார்களோ அப்படியே ஒருவர் சொன்னார்: "ஆயிரத்தோட முன்னூத்தி அம்பது." ஆயிரத், தோட, முன்னூத்தி, அம்பது. நாலு கொட்டு, ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. கை ஆ, தோ, முன், அம் என்று பலமான எழுத்துகளிலேயே விழுகிறது. எழுத்துத் தமிழில் முட்டி நின்ற தொகை பேச்சுத் தமிழில் தானாக நடந்தது.

அன்று கட்டி முடித்த பாட்டு இது:

கூடை நிறையக் கொழுந்து பறிச்சு
குனிஞ்சு சுமந்துமே வந்தமடி
வாடைக் குளிரில் நிறுக்கிற தட்டில
வாரிக் கழிச்சதைக் கேளுங்கடி

ஆயிரத் தோட முன்னூத்தி அம்பது
ஆருக்கு வந்தது சொல்லுங்கடி
வாயில போட்ட வெத்தல காஞ்சது
வாங்கின தெல்லாம் அரைப்பேரடி

முதல் அடியைக் கொட்டிப் பாருங்கள்: கூடைநி, றையக்கொ, ழுந்துப, றிச்சுகு, னிஞ்சுசு, மந்துமே, வந்தம, டி. அச்சில் இரண்டு வரியாகத் தெரிவது கொட்டுக்கணக்கில் ஓர் அடிதான். "டி"க்குப் பிறகுதான் வெற்றிடம். முதல் வரி முடியும் இடத்தில் வெற்றிடம் இல்லை. "குனிஞ்சு" என்பதன் "கு", கொழுந்து பறித்த கொட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் மூச்சு விட்டால் பாட்டு இரண்டாக முறிந்துவிடும். கடைசி அடியில் "அரைப்பேரடி" என்பதைக் கவனியுங்கள். "அ" முந்தின கொட்டில் நழுவிப்போக, கை "ரைப்" என்பதில் ஓங்கி விழுகிறது. நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்ததென்று பாதிப் பேர் போட்ட கோபம் அந்தக் கொட்டில் இருக்கிறது. அதை நாங்கள் எழுதிச் சேர்க்கவில்லை, அந்தச் சொல்லிலேயே இருந்தது.

"தட்டில" என்ற சொல்லுக்காக ஒரு வாக்குவாதமும் நடந்தது. "மடுவத்தில்" என்று போட வேண்டும், அங்கேதான் கழிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் "நிறுக்கிற மடுவத்தில்" என்று கொட்டினால் கை "ம" என்ற குறிலில் விழுந்து, அடுத்த கொட்டு "தில்" என்பதற்குப் போய்விடுகிறது. அடியை வேறு விதமாகக் கட்டினால் மடுவம் வரும். அன்று தட்டே நின்றது.

சம்பளம் மாறினால் பாட்டும் மாற வேண்டும். எந்தத் தொகையும் அதே இடத்தில் பொருந்திவிடும் என்று நினைக்கக்கூடாது. 1700 என்றால் "ஆயிரத் தோட எழுநூறு கேட்டது" என்று வரும். "எ" பின்னுக்கு நழுவி, கை "ழு" என்பதில் விழும். மூன்று கொட்டில் தொகை முடிந்து, நாலாவது கொட்டுக்கு ஒரு வினைச்சொல் கிடைக்கும். வேறு தொகை வந்தால் அதைக் கடையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

ஈற்றில் வரும் "அடி" என்ற விளி மரியாதைக் குறைவு என்று சில ஆண் தோழர்கள் ஆட்சேபித்தார்கள். "தோழர்களே" என்று முடிக்கலாம் என்றார்கள். கொட்டுக்கணக்கில் அது பொருந்தவும் செய்யும்: தோழர்க, ளே. ஆனால் முளைப்பாரியைச் சுற்றி நிற்கும் பெண் பக்கத்தில் நிற்கும் மச்சியைத் தோழர்களே என்று கூப்பிடுவாரா? வட்டத்துக்குள் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கிற கேள்விதான் கும்மி. வெளியே நிற்கிறவர் மரியாதை பார்த்துத் திருத்த அதில் இடமில்லை.

கோலாட்டத்துக்கு இதே பாட்டைக் கொடுத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அங்கே ஒரு தட்டு தன் கோலில், ஒரு தட்டு எதிரே நிற்பவரின் கோலில் என்று வரிசை போகும். கோல் மாறி ஆள் மாறும் இடத்தில் அடி முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் எந்தத் தட்டு முறை பழகியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு சொல்லும் எழுத முடியாது.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் தொழிலாளருக்காகப் பாட்டுப் புத்தகம் வெளியிட்டார், கூட்டங்களில் தானே பாடினார். மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளில்தான் அவர் தன் கருத்தை ஏற்றினார். இன்று தாள் அனுப்புகிறவர்கள் மெட்டையும் கொட்டையும் கேட்காமலே அச்சடித்துவிடுகிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு எமது தோட்டக் கமிட்டிகளுக்கு வரும் எந்தப் பாட்டையும், தலைப்பாட்டுப் பாடும் பெண்கள் இருவராவது லயத்து வாசலில் கொட்டிப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே வாங்கிக்கொள்ளுங்கள். கை நிற்கும் இடத்தில் கோடு போட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.