வாசித்தால் மட்டுமே விடை வரவேண்டும்

கிரகித்தல் பயிற்சியில் பிள்ளை குறைந்த புள்ளி எடுத்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் குறை பிள்ளையில் இல்லை, வினாவில்தான் இருக்கிறது என்பதே எமது கருத்து.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இதைப் பற்றி ஒரு பந்தி கொடுத்து, தோட்டத்தின் பெயரைக் கேட்டால், இவ்வூர்ப் பிள்ளை பந்தியைப் பாராமலே எழுதிவிடும். அதே பந்தியில் 'கவ்வாத்து' என்ற சொல் விளக்கமின்றி வந்தால், வயற்காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த பிள்ளை திகைத்து நிற்கும். இரண்டிலும் சோதிக்கப்படுவது ஊரறிவே அன்றி வாசிப்பு அன்று. ஆகையால், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொதுவான விடயத்தில் நாமே பந்தி எழுதுவது நல்லது. இதோ ஒன்று:

"மூன்று நாள் மழை விடவில்லை. லொறி வரவில்லை. தாத்தா போஞ்சிச் சாக்குகளைத் திறந்து திறந்து பார்த்தார். நான்காம் நாள் வியாபாரி வந்தார். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை, விலை படிந்தது. சாக்குகளை லொறியில் ஏற்றினோம்."

'எத்தனை நாள் மழை பெய்தது?' என்ற வினாவுக்கு விடை ஒரே வரியில் இருக்கிறது. தொடக்கத்துக்கு இப்படி ஒன்று போதும்.

அடுத்தது உய்த்துணர் வினா: 'தாத்தா ஏன் மறுபேச்சுப் பேசவில்லை?' இதற்கு விடை எந்த வரியிலும் நேராக இல்லை. மூன்று நாள் தாமதத்தையும், சாக்கைத் திறந்து பார்த்ததையும் பிள்ளை சேர்த்து நோக்க வேண்டும். போஞ்சி பழுதாகிவிடும் என்ற பயமே காரணம். போஞ்சி நாட்பட்டால் பழுதாகும் என்பது பந்திக்கு வெளியேயுள்ள அறிவுதான். ஆனால் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். 'நல்ல விலை கிடைத்தது' என்று எழுதினால் புள்ளி இல்லை. அதற்குப் பந்தியில் ஆதாரம் இல்லை. காரணத்துக்கு ஒரு புள்ளியும், ஆதார வரியைக் காட்டியதற்கு ஒரு புள்ளியும் கொடுக்கலாம்.

மூன்றாவது சொற்பொருள் வினா. 'படிந்தது' என்பதற்கு இங்கே என்ன பொருள்? 'ஒட்டியது', 'ஒத்துக்கொள்ளப்பட்டது', 'கூடியது' என்று தெரிவுகள் கொடுக்கலாம். 'தூசி படிந்தது' என்று மட்டும் அறிந்த பிள்ளை முதலாவதை எடுக்கும். பந்தியை வாசித்த பிள்ளை இரண்டாவதை எடுக்கும். 'குறைந்தது' என்பதைத் தெரிவாகக் கொடுக்கக் கூடாது. சொல்லின் இடத்தில் அதை வைத்து வாசித்துப் பாருங்கள், அதுவும் பொருந்திவிடுகிறது. அப்படி எழுதிய பிள்ளைக்குப் பிழை போட எமக்கு நியாயமில்லை.

வகுப்புக்குக் கொடுக்குமுன், பந்தியை மறைத்து வினாக்களை மட்டும் வேறொரு பிள்ளையிடம் கொடுங்கள். அப்பிள்ளை சரியாக விடை சொல்லும் வினாவை நீக்கிவிடுங்கள். பந்தி இல்லாமலே விடை கிடைக்கும் வினாவைக் கொண்டு எந்தப் பிள்ளையின் வாசிப்பையும் மதிப்பிட முடியாது.